காலி செய்யச் சொல்லும் முன் ஒரு கடிதம்

வாடகை வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முற்றிவிடுகின்றன. படிக்கட்டில் பார்க்கும்போது ஒருமுறை, மோட்டார் போடும்போது ஒருமுறை, பிறகு வாட்ஸ்அப்பில் நள்ளிரவில் ஒருமுறை என்று ஹவுஸ் ஓனர் சொல்லிக்கொண்டே இருப்பார். குடியிருப்பவர் “சரி சார், பார்த்துக்கிறேன்” என்பார். ஆறு மாதம் கழித்து ஓனருக்குப் பொறுமை போய், “இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க” என்று வரும். அப்போது வக்கீலிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி: “எழுத்துல ஏதாவது கொடுத்திருக்கீங்களா?”

எழுத்தில் கொடுப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவு 1929இல் சேர்க்கப்பட்டது. குத்தகை நிபந்தனை ஒன்று மீறப்பட்டது என்பதற்காக வெளியேற்ற வழக்குப் போடுவதென்றால், அதற்குமுன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்த நோட்டீஸ் எந்த மீறல் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். சரிசெய்யக்கூடிய மீறலாக இருந்தால் சரிசெய்யும்படி கேட்க வேண்டும். அதற்கு நியாயமான அவகாசமும் கடந்திருக்க வேண்டும். அதன் பிறகே வழக்கு. தமிழ்நாட்டின் நகர்ப்புற வீடுகளுக்கு இன்று முதன்மையாகப் பொருந்துவது, 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது இது. இதன் 21ஆவது பிரிவிலும் அதே எண்ணம்தான் ஓடுகிறது. வீட்டைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது மட்டும் வெளியேற்றப் போதாது. நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தார் என்று காட்ட வேண்டும்.

ஆகவே எச்சரிக்கைக் கடிதம் எழுதும்போது ஓனர் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்கிறார். எதிரில் இருப்பவருக்குத் திருத்திக்கொள்ள ஒரு வழி திறந்துவிடுகிறார். அவர் திருத்திக்கொள்ளாவிட்டால் நாளை தனக்கு வேண்டிய ஆதாரத்தையும் உருவாக்கிக்கொள்கிறார். பெரும்பாலான கடிதங்கள் இந்த இரண்டிலும் தோற்பது ஒரே காரணத்தால்தான்: கோபம் நிறைய இருக்கும், விவரம் இருக்காது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நடந்த வழக்கு அல்ல, எடுத்துக்காட்டுதான். சென்னைப் புறநகரில் ஒரு தனி வீடு. கீழே ஓய்வுபெற்ற ஓனர், மாடி போர்ஷனில் ஒரு குடும்பம். மாத வாடகை 16,000 ரூபாய், ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு. மாடியில் இருப்பவர்கள் ஒரு வருடமாகச் சமையல் ஆர்டர் எடுக்கிறார்கள். முதலில் பத்துப் பேருக்கு, இப்போது சில நாள் நூறு பேருக்கு. 19 கிலோ வணிக சிலிண்டர்கள் இரண்டு மூன்று மாடிப்படி முகப்பில் நிற்கின்றன. எண்ணெய்க் கசடு இறங்கிக் கீழ்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. மொட்டை மாடியை அண்டா கழுவும் இடமாக்கிப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். வாடகை 5ஆம் தேதிக்குள் வர வேண்டும். வருவது 18, 20 தேதிகளில்.

ஓனர் முதலில் எழுதும் கடிதம் இப்படித்தான் இருக்கும்: “நீங்கள் தொடர்ந்து ஒப்பந்த விதிகளை மீறி வருகிறீர்கள். பலமுறை சொல்லியும் கேட்கவில்லை. இனியும் இது நடந்தால் காலி செய்ய நேரிடும்.” இதைக் கையில் வாங்குபவர் என்ன செய்ய வேண்டும்? சமையலை முழுக்க நிறுத்த வேண்டுமா, சிலிண்டரை எடுத்தால் போதுமா, எப்போதைக்குள்? கடிதத்தில் பதில் இல்லை. மிரட்டல் மட்டும் இருக்கிறது. பின்னாளில் நீதிமன்றமும் எந்த மீறல், எந்த அவகாசம் என்ற அதே கேள்விகளைத்தான் கேட்கும்.

நல்ல கடிதம் எழுதுவதற்கு முன் மீறல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே எடையல்ல. சிலிண்டர் உயிருக்கு ஆபத்து. ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதது. குழாய் அடைப்பு பணத்தால் சரியாவது. பிளம்பரை அழைத்துச் சுத்தம் செய்து, செலவை யார் ஏற்பது என்று முடிக்கலாம். சமையல் தொழில் ஒரு குடும்பத்தின் வருமானம். முன்பணம் வாங்கிய ஆர்டர்கள் இருக்கும். அதை நாளையே நிறுத்து என்பது நியாயமான அவகாசம் ஆகாது. இத்தனை நாள் என்று 114ஏ எண்ணிச் சொல்வதில்லை. ஒவ்வொரு குறைக்கும் அதன் இயல்புக்கேற்ற நாள் கொடுப்பதே புத்திசாலித்தனம் என்பேன். அந்தக் கடிதம் ஏறத்தாழ இப்படி வரும்:

“நமது ஒப்பந்தத்தின் 9ஆவது விதிப்படி மாடி போர்ஷனைக் குடியிருப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். மார்ச் 3, 10, 17 ஆகிய தேதிகளில் அங்கே மொத்தச் சமையல் நடந்தது, படங்கள் இணைத்துள்ளேன். இதுபற்றி ஜனவரி 12 அன்று வாட்ஸ்அப்பில் தெரிவித்திருந்தேன். வணிக சிலிண்டர்களை இக்கடிதம் கிடைத்த 2 நாட்களுக்குள் அகற்றவும். மொட்டை மாடிப் பூட்டை 3 நாட்களுக்குள் எடுக்கவும். கழிவுநீர்க் குழாயை 15 நாட்களுக்குள் சுத்தம் செய்து தரவும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஆர்டர்களை முடித்துக்கொண்டு, 30 நாட்களுக்குள் வணிகச் சமையலை நிறுத்தவும். இவை முடிந்தால் இந்தப் புகார் முடிந்ததாக எழுதித் தருவேன். முடியாவிட்டால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்தை அணுக நேரும். கூடுதல் நாள் தேவைப்பட்டால் காரணத்துடன் எழுத்தில் கேட்கலாம்.”

இதில் வசை இல்லை, ‘பலமுறை’ என்ற சொல்லும் இல்லை. அதன் இடத்தில் தேதிகள் இருக்கின்றன. மீண்டும் மீண்டும் நடக்கும் மீறலைப் பற்றிய கடிதத்துக்கு அந்தத் தேதிகள்தான் முதுகெலும்பு. முந்தைய வாய்மொழிப் பேச்சுக்குச் சாட்சி இல்லாவிட்டால் அதைப் பெரிதாக எழுதிப் பயனில்லை.

வாடகைத் தாமதத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காததைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. பாக்கிக்காக வெளியேற்றக் கோர, இரண்டு மாத வாடகை நிலுவையில் இருக்க வேண்டும். கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுதாகக் கட்டாமலும் இருக்க வேண்டும். மாதாமாதம் 20ஆம் தேதி கொடுப்பவர் எரிச்சலூட்டுகிறார்தான், ஆனால் ஒருபோதும் இரண்டு மாத பாக்கி வைப்பதில்லை. எனவே இதற்குத் தனியாக ஒரு குறிப்புக் கடிதம் எழுதி, எந்தெந்த மாதம் எந்தத் தேதியில் வந்தது என்று பதிவு செய்து வைக்கலாம். அல்லது சம்பளம் வரும் நாளைக் கேட்டுக் கெடுத்தேதியையே மாற்றிக்கொள்ளலாம். வலுவில்லாத ஒரு குற்றச்சாட்டை வலுவான மூன்றோடு சேர்த்தால், எதிர்த்தரப்பு வக்கீல் பேசத் தொடங்குவது அந்த ஒன்றிலிருந்துதான்.

வேறொரு வகை மீறலும் உண்டு. குடியிருப்பவர் ஒரு அறையை ஓனருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விட்டிருந்தால், சட்டம் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை வற்புறுத்துவதில்லை. வீட்டைப் பிறரிடம் ஒப்படைக்கக் கூடாது என்ற நிபந்தனைகளை 114ஏ தன் வரம்பிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டமும், எழுத்து மூல சம்மதம் இல்லாமல் வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ மற்றவரிடம் விட்டதையே தனிக் காரணமாக ஏற்கிறது. ஓனர் விரும்பினால் அப்போதும் ஒரு வாய்ப்புத் தரலாம். அது அவருடைய பெருந்தன்மை. அவர் கடமை அல்ல.

கடிதத்தை எப்படிச் சேர்ப்பது என்பதையும் சட்டம் சொல்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவுப்படி நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவர் சார்பிலோ கையெழுத்திட வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அவர் வீட்டில் குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ கொடுக்கலாம். இதெல்லாம் முடியாதபோதுதான் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். எடுத்தவுடன் கதவில் ஒட்டுவது தெருவுக்குப் படம் காட்டுவது. முதல் வழி அல்ல. ஒப்புகையோடு தபாலில் அனுப்புவதுதான் நடைமுறையில் பாதுகாப்பு. ‘வாங்க மறுத்தார்’ என்று உறை திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு நகல் அனுப்பலாம், ஆனால் அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

அவகாசம் முடியும் நாளில் ஓனர் மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டக் கூடாது. உள்ளே வந்து பார்க்க 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். போய்ப் பார்த்து, சரியாகியிருந்தால் “சிலிண்டர், பூட்டு, குழாய் மூன்றும் முடிந்தன” என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதுதான் ஒழுங்கு. யாரும் அதைச் செய்வதில்லை. ஆனால் அந்த ஒரு வரியால்தான் குடியிருப்பவர் அடுத்த கடிதத்தையும் மதித்துப் படிப்பார். சரியாகவில்லை என்றால் நோட்டீசுக்குப் பிந்தைய தேதியில் படம் வேண்டும். நோட்டீசுக்கு முந்தைய படங்கள் ஆயிரம் இருந்தாலும் ‘நோட்டீஸ் பெற்ற பிறகும் தொடர்ந்தார்’ என்பதை அவை நிரூபிக்காது.

இந்த இடைவெளியில் ஓனர்கள் கெடுத்துக்கொள்வது இரண்டு வகை. ஒன்று, தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, கரண்ட்டைத் துண்டிப்பது. அத்தியாவசிய வசதியைத் தடுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தடைசெய்கிறது. குடியிருப்பவர் அதிகாரியிடம் போய் மீண்டும் தரச்சொல்லி உத்தரவு வாங்கலாம். அதுவரை புகார் சொன்னவர் அன்றிலிருந்து புகாருக்குப் பதில் சொல்பவர் ஆகிவிடுவார். மற்றது, கோபத்தில் குத்தகை முடிந்தது என்று எழுதிவிட்டு அடுத்த மாத வாடகையை எதுவும் சொல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்வது. மீறலைத் தெரிந்துகொண்டே அதற்குப் பிந்தைய வாடகையை ஏற்றால், ரத்து செய்யும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கருத 112ஆவது பிரிவு இடம் தருகிறது. அதனால்தான் எச்சரிக்கைக் கடிதத்தில் ‘காலி செய்’ என்று எழுதாமல் இருப்பது நல்லது. அது வேறு கடிதம், வேறு நாளில், வக்கீலைக் கேட்டு எழுத வேண்டியது.

குடியிருப்பவர் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் நாள் கடத்தாமல் செய்ய வேண்டும். பேசாமல் இருப்பது ஒப்புக்கொண்டது போலவே படும். எது உண்மை, எது இல்லை என்று வரிவரியாகப் பதில் எழுத வேண்டும். சிலிண்டரை எடுத்துவிட்டால் வெறிச்சோடிய படிக்கட்டைத் தேதியோடு படம் எடுத்துச் சேர்க்கலாம். பிளம்பருக்குக் கொடுத்த ரசீதின் நகலையும் அனுப்பலாம். ஏப்ரலில் ஒரு கல்யாண ஆர்டருக்கு முன்பணம் வாங்கியிருந்தால், அதை மட்டும் முடித்துக்கொள்ள எந்தத் தேதி வரை வேண்டும் என்று கேட்டுவிடலாம். அந்தச் சமையலை ஒரு மண்டபத்துக்கு மாற்றிக்கொள்வதாக எழுதினால் ஓனர் மறுப்பதற்கு அதிகக் காரணம் இருக்காது.