கவசத்தின் நிறமும் பொருந்தாத கோப்பும்

'ஸ்கைரிம்' கணினி விளையாட்டில் நமது பாத்திரம் அணியும் கவசத்தின் உருவம் .nif கோப்பில் உள்ளது. அதன்மேல் போர்த்தப்படும் வண்ணப் படமோ.dds கோப்பில் உள்ளது. ஆகவே கறுப்புக் கவசத்தைச் சிவப்பாக்க அந்தப் படத்தை மாற்றினாலே போதும். _n.dds என முடிவது மேடுபள்ளங்களுக்குரியது, அதைத் தொடவேண்டியதில்லை.

ஆயினும் 'மொட்' எனப்படும் மாற்றப் பொதிகள் சில, நிறத்துக்குத் தேவையற்ற .nif கோப்பையும் சேர்த்தே தருகின்றன. வில்லங்கம் இங்கேதான். 2016இல் வெளிவந்த சிறப்புப் பதிப்பு, உருவக் கோப்பை வேறு அமைப்பில் எதிர்பார்க்கிறது. 2011ஆம் ஆண்டுப் பதிப்புக்கெனச் செய்த கோப்பு அதனுள் நுழைந்தால், கவசத்தை அணியும் கணத்திலோ, அணிந்தவர் எதிர்ப்படும் கணத்திலோ, எவ்வித அறிவிப்புமின்றி விளையாட்டு மூடிக்கொள்ளக்கூடும்.

எனவே நிறுவுமுன் பொதியைத் திறந்து பார்ப்போம். நிறம் மட்டுமே நமக்கு வேண்டுமெனில் meshes உறையை அகற்றி, textures உறையை வைத்துக்கொள்ளலாம். கவசத்தின் வடிவமே புதிதென்றால் அகற்ற இயலாது. 'கதீட்ரல் அசெட்ஸ் ஒப்டிமைசர்' என்னும் மென்பொருளால் பழைய.nif கோப்பைப் புதிய அமைப்புக்கு மாற்றவேண்டும். கவசம் ஊதாவாகத் தெரிந்தால் அது வேறு குறை: விளையாட்டு தேடும் இடத்தில் அப்பெயரில் படம் இல்லை.