முதியோருடன் பேசிக்கொண்டே ஆட ஒரு பச்சிசி: சோழி, துணி, பெரிய காய்களைக் கொண்டு வீட்டிலேயே வடிவமைப்பது எப்படி?

கைப்பேசித் திரையில் லூடோ ஆடும் பேரனுக்கு அருகில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு, காய் எங்கே நகர்ந்தது என்பதே பல நேரங்களில் தெரிவதில்லை. கட்டங்கள் சிறியவை, காய்கள் தாமாகவே ஓடுகின்றன, முறை சில நொடிகளில் கைமாறிவிடுகிறது. ஆனால் லூடோவின் மூத்த வடிவமான பச்சிசியை அந்தப் பாட்டி சிறுமியாக இருந்தபோதே ஆடியிருக்கக்கூடும். 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ, இந்தியப் பச்சிசியைச் சுருக்கி உருவாக்கப்பட்டதாகும். ஃபதேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் கல்தரையிலேயே பச்சிசிக் கட்டம் அமைக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். தமிழகத்தின் தாயக்கட்டமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

முதியோருக்காக ஒரு விளையாட்டை உருவாக்க விரும்புவோர் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே காரணம். இளம் வயதில் கையில் பழகிய ஆட்டத்தின் அசைவுகள், அண்மைக்கால நினைவுகள் மங்கத் தொடங்கிய பிறகும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். சோழியை உள்ளங்கையில் குலுக்கி வீசுவதை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. புதிய விதிகளைக் கற்பதுதான் கடினம். ஆகவே பழைய ஆட்டத்தை வைத்துக்கொண்டு, அதன் அளவையும் வேகத்தையும் மட்டும் மாற்றுவதே சரியான வழி.

கட்டத்தைச் சுருக்குதல்

மரபான பச்சிசித் துணியில் சிலுவை வடிவில் நான்கு கைகள் இருக்கும். ஒவ்வொரு கையிலும் மூன்று வரிசைகள், வரிசைக்கு எட்டுக் கட்டங்கள். நடுவிலிருந்து புறப்பட்டுச் சுற்றிவந்து மீண்டும் நடுவைச் சேர ஒரு காய் 80க்கும் மேற்பட்ட கட்டங்களைக் கடக்க வேண்டும். ஒருவருக்கு நான்கு காய்கள். சோர்வடையும் வயதில் இது அளவுக்கு மீறிய நீளம்.

வரிசைக்கு நான்கு கட்டங்களாகக் குறைத்தால் நிலைமை மாறிவிடும். வெளிச்சுற்றில் ஒரு கைக்கு 9 வீதம் மொத்தம் 36 கட்டங்கள் கிடைக்கும். தன் கையின் முனைக் கட்டத்தில் தொடங்கும் காய், 36 அடிகளில் அதே முனைக்குத் திரும்பி, நடு வரிசையில் 3 கட்டங்கள் ஏறி, அடுத்த அடியில் மையத்தைச் சேரும். ஆக மொத்தம் 40 அடிகள். ஒருவருக்கு ஒரே காய். எதிரெதிரே அமர்ந்த இருவர் ஓர் அணி. ஆறு சோழிகளுக்குப் பதிலாக நான்கு போதும். நிமிர்ந்து விழும் சோழிகளின் எண்ணிக்கையே நகர்த்த வேண்டிய அடிகள். நான்கும் கவிழ்ந்தால் எட்டு. இம்முறையில் ஒரு வீச்சின் சராசரி ஏறத்தாழ இரண்டரை அடி. எனவே ஒரு காய் பழமாக 16 வீச்சுகள், நால்வருக்கும் சேர்த்து 64 வீச்சுகள் தேவைப்படும். அவசரமின்றி ஆடினாலும் வீச்சுகளுக்கு மட்டும் ஏறத்தாழ அரை மணி நேரமே செலவாகும். மீதி நேரம் பேச்சுக்கு.

கட்டம் ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர் சதுரமாக இருந்தால் துணியின் முழு நீளம் 88 சென்டிமீட்டர். சாப்பாட்டு மேசையிலோ கட்டிலிலோ விரிக்கலாம். காயின் அடிப்பகுதி 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலமும், உயரம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கட்டும். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காதவர்கள் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்க இயலாது. முழுக் கையால் பற்றித் தூக்குவார்கள். வழவழப்பான காய் நழுவும் என்பதால் நடுவில் ஒரு பள்ளம் செதுக்கலாம், அல்லது தடித்த நூலைச் சுற்றி ஒட்டலாம்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாகிறது. நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தோன்றும், கருநீலம் கறுப்பாகத் தெரியும். வெளிர்ந்த பருத்தித் துணியில் மஞ்சள் காய் மறைந்துபோகும். இரண்டு அணிகளுக்குச் சிவப்பும் கருநீலமும் போதுமானவை. அணிக்குள் இருவரையும் நிறத்தால் பிரிக்காமல் வடிவத்தால் பிரிப்பது நல்லது: ஒருவருக்கு உருளை, மற்றவருக்குச் சதுரம். பளபளப்பான வினைல் தாளில் கட்டத்தை அச்சிட்டால் விளக்கொளி அதில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். சோழிகளை எஃகுத் தட்டில் வீசினால் எழும் ஓசை, செவித்துணைக் கருவி அணிந்தவருக்குத் தலைவலி. தட்டின் உள்ளே ஒரு துண்டை விரித்தால் போதும்.

பேச்சை ஆட்டத்துக்குள் கொண்டுவரும் விதிகள்

எதிர்முனையில் இருக்கும் காயை எட்டி எடுக்கத் தோள்வலி உள்ளவர்களால் முடியாது. அதற்காகச் சுழலும் பலகை செய்யலாம். ஆனால் அதைவிட எளிய விதி ஒன்று உண்டு. காய் எவர் பக்கத்துக் கையில் நிற்கிறதோ, அவரே அதை நகர்த்த வேண்டும். சோழியை வீசியவர் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். உடலின் இயலாமைக்காக ஏற்பட்ட இந்த விதி, ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு சொல்லாடலைக் கட்டாயமாக்கிவிடுகிறது.

இனி கதைக் கட்டங்கள். ஒவ்வொரு கையிலும் இரண்டு வீதம் எட்டுக் கட்டங்களில் தடித்த வட்டம் தைக்கப்படும். சராசரி அடி இரண்டரை என்பதால், குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் காய் வந்து நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. எட்டுக் கட்டங்களில் ஒருவர் மூன்று முறை நிற்பார்; நால்வருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று கதைகள். கதைக்கு இரண்டரை நிமிடம் என்றாலும் இன்னொரு அரை மணி நேரம் ஆகிவிடும். விரைவில் களைப்படைபவர் இருந்தால் கைக்கு ஒரு கட்டமாகக் குறைத்துவிடலாம்.

கட்டத்தில் நின்றவர் ஓர் அட்டையை எடுப்பார். உள்ளங்கையை விடப் பெரிய அட்டை, ஒரே ஒரு படம், ஒன்றரை சென்டிமீட்டர் உயர எழுத்தில் ஒரே ஒரு கேள்வி. இங்குதான் பெரும்பாலான குடும்பங்கள் தவறுகின்றன. "இது யார் என்று நினைவிருக்கிறதா?" என்பது உரையாடல் அன்று, அது தேர்வு. விடை தெரியாதவர் வெட்கப்பட்டு வாயடைத்துப்போவார். தெரிய வேண்டிய விவரத்தை அட்டையே சொல்லிவிட்டு, அதற்கு அப்பால் உள்ளதைக் கேட்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மத்தியப் பிரதேசத்தின் இட்டார்சி ரயில்வே குடியிருப்பில் இளம் வயதைக் கழித்த 79 வயதுப் பாட்டி, அவருடைய தம்பி, மருமகள், 12 வயதுப் பேரன் ஆகிய நால்வர் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். அட்டையில் குடியிருப்பின் பழைய படம். கீழே "இட்டார்சி வீடு, 1971. காலையில் அடுப்பு மூட்டுவது எப்படி?" என்று எழுதப்பட்டிருக்கிறது. ஊரையும் ஆண்டையும் பாட்டி நினைவுகூர வேண்டியதில்லை. கரி அடுப்பை வாசலில் வைத்துப் புகை அடங்கும் வரை விசிறியதை அவர் கையசைத்துக் காட்டலாம். தம்பி அதை மறுத்து, அடுப்பு மூட்டியது தான்தான் என்று வாதிடலாம். அந்த வாதத்தைத் தீர்த்துவைக்க எவரும் முயலக் கூடாது. பேரனுக்கு ஒரே கடமை: கேட்டதை வைத்து இன்னொரு கேள்வி கேட்பது. பிறகு பாட்டியின் அணித்தோழியான மருமகளும் தன் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லையேல் முதியவர் மட்டும் விசாரிக்கப்படுவது போலாகிவிடும்.

பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே முதுமையில் அதிகமாகவும் தெளிவாகவும் எழுவதாக உளவியல் ஆய்வுகள் கூறுகின்றன. அட்டைகளை அந்த ஆண்டுகளிலிருந்தே தேர்ந்தெடுப்பது நன்று.

அண்மை நினைவுக்கு ஒரு சிறு ஏற்பாடும் செய்யலாம். கதை முடிந்ததும் அதனோடு தொடர்புடைய ஒரு பொருளை, மேற்சொன்ன அட்டைக்கு ஒரு கரித்துண்டை, அந்தக் கட்டத்தின் ஓரத்தில் வைத்துக் கிண்ணத்தால் மூடிவிட வேண்டும். அடுத்து அங்கு வந்து நிற்பவர் உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் திறப்பார். அணித்தோழர் குறிப்புத் தரலாம். சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும் ஓர் அடி கூடுதல். தயக்கம் நீண்டால் யூகிக்க வற்புறுத்தாமல் உடனே திறந்து காட்டிவிட வேண்டும். தவறான விடையை வாயால் சொல்லும்போது அதுவே மனத்தில் பதிந்துவிடக்கூடும்.

வெட்டு வேண்டுமா என்ற கேள்வி எழும். வேண்டும். வெட்டே இல்லாத ஆட்டத்தில் கேலியும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. ஆனால் வெட்டுப்பட்ட காய் தொடக்கத்துக்குச் செல்லாமல், கடைசியாகக் கடந்த கதைக் கட்டத்துக்குத் திரும்பினால் போதும். கதைக் கட்டத்தில் நிற்கும் காயை, தாயத்தில் மலையில் நிற்கும் காயைப் போலவே, எவரும் வெட்ட முடியாது. மையத்தைச் சேரச் சரியான எண்ணே விழ வேண்டும் என்ற பழைய விதியைக் கைவிடலாம். கடைசி இரண்டு அடிக்காகப் பத்து வீச்சுகள் காத்திருப்பது எவருக்கும் இன்பமன்று.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஆட்டத்தில் குறை இருப்பதை முதியவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சோழியை வீசும் முன் பிறர் முகங்களைப் பார்த்தால், முறை யாருடையது என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆடுபவர் முன்னால் ஒரு கனத்த மரக்கட்டையை வைத்து, முறை மாறும்போது அதையும் கைமாற்றினால் இது தீரும். கை தவறான கட்டத்துக்குச் சென்றால் கோடுகள் மெல்லியவை அல்லது வெளிச்சம் போதவில்லை. எதிர்த்திசையில் நகர்த்தினால் துணியில் அம்புக்குறிகள் தைக்க வேண்டும். விடையை இளையவர்கள் முந்திக்கொண்டு சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய இடையூறு; சோழியைக் கீழே வைத்துப் பத்து வரை மனத்துக்குள் எண்ணுவது என்று ஒரு விதியையே எழுதி வைக்கலாம்.

ஒரே கதை மூன்றாம் முறை வந்தால் அது ஆட்டத்தின் பிழை அன்று. ஆனால் ஒரு படத்தைக் கண்டதும் முகம் வாடி, பேச்சு நின்று, அந்த வாட்டம் அடுத்த சுற்றிலும் நீடித்தால் அந்த அட்டையைச் சத்தமின்றி எடுத்துவிட வேண்டும். மறதிநோய் உள்ள சிலருக்கு மாலை இருட்டும் வேளையில் குழப்பம் மிகுவதுண்டு. அவர்களுக்கு முற்பகலே ஏற்றது.

பழைய நினைவுகளைப் பேசவைக்கும் முறையை மருத்துவ உலகம் புறக்கணிக்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், முதியோர் கடந்தகாலத்தை அசைபோடுவது இயல்பானது, பயனுள்ளது என்று 1963லேயே எழுதினார். எனினும் மறதிநோய் உள்ளவர்களிடம் இம்முறையின் பலனை ஆராய்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, வாழ்க்கைத்தரத்திலும் உரையாடலிலும் சில முன்னேற்றங்கள் காணப்பட்டாலும் அவை சிறியவை, எல்லா இடங்களிலும் ஒரே சீராக இல்லை என்றே கூறியது. சோழி ஆடினால் மறதிநோய் வராது என்றோ, வந்தது குணமாகும் என்றோ எவரும் உறுதியளிக்க முடியாது. பழகிய வழியை மறப்பது, அடுப்பை அணைக்க மறப்பது, ஒரே கேள்வியைச் சில நிமிடங்களுக்குள் மீண்டும் மீண்டும் கேட்பது போன்ற மாற்றங்கள் தென்பட்டால் செய்ய வேண்டியது மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே.

துணியைத் தைக்கும் முன் ஒருமுறை தாளில் வரைந்து, புட்டி மூடிகளைக் காய்களாக வைத்து ஆடிப் பார்ப்பது செலவை மிச்சப்படுத்தும். எந்தக் கட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை, எந்தக் கேள்வி எவரையும் பேசவைக்கவில்லை என்பது முதல் இரண்டு ஆட்டங்களிலேயே வெளிப்பட்டுவிடும்.