“கூறினார்” என்றால் போதுமா?

ஜெகதாப்பட்டினத்து மாணவர்களுக்கு ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பற்றித் தெரிந்திருக்கும். பாக் விரிகுடாவில் கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி அது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, அதிராம்பட்டினம் முதல் அருகேயுள்ள அம்மாபட்டினம் வரையிலான கடலில் சுமார் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் ஏறத்தாழ 240 கடற்பசுக்களே உள்ளன என்றும் அப்போது தெரிவித்தது.

இதைப்பற்றி நீங்கள் ஓர் ஆய்வறிக்கை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விலங்கியல் அறிஞர் ஒருவரைச் சந்திக்கிறீர்கள். அவர் நான்கு செய்திகளைச் சொல்கிறார்:

“படகிலிருந்து தேடியபோது 3 கடற்பசுக்களைக் கண்டோம். இப்பகுதியில் 20 வரை இருக்கலாம். வலையில் சிக்குவது இவை குறைந்ததற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். சிக்கியதை உடனே விடுவிக்க வேண்டும்.”

நான்கையும் “என்று கூறினார்” என்றே முடித்தால் தவறில்லை. ஆனால் அவற்றின் உறுதி ஒன்றல்ல என்பது படிப்பவருக்கு எளிதில் புலப்படாது. எனவே எழுதுமுன், “இதை அவர் எப்படி அறிந்தார்?” என்று கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, கண்ணால் கண்டது. அதற்குப் “பதிவு செய்துள்ளார்” பொருந்தும். இரண்டாவது, கணக்கிட்டது. கடற்பசு மூச்சுவிட மட்டுமே மேலே வரும். கலங்கிய நீரில் பல கண்ணில் படாமல் போகும். ஆகவே “மதிப்பிடுகிறார்” என்பதே சரி. அரசு சொன்ன 240-ம் இவ்வகை எண்தான். மூன்றாவது, ஊகம்: “கருதுகிறார்”. நான்காவது, அறிவுரை: “வலியுறுத்துகிறார்”.

மூன்றாவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். “வலைகளே காரணம் என நிறுவினார்” என்று எழுதிவிட்டால், “ஒரு காரணம்” என்பது “ஒரே காரணம்” ஆகிவிடுகிறது. “இருக்கக்கூடும்” என்பதும் மறைகிறது. அவர் சொல்லாத பழி மீனவர்கள்மேல் விழுகிறது. ஆகவே அவருடைய “ஒரு”, “கூடும்” ஆகிய சொற்களை அப்படியே வையுங்கள்.

சில வினைகள் எழுதுபவரின் எண்ணத்தையும் காட்டிக்கொடுக்கும். “சுட்டிக்காட்டுகிறார்” என்றால், அச்செய்தி உண்மை என்று நீங்களும் ஏற்கிறீர்கள். “சாதிக்கிறார்” என்றால், நீங்கள் அதை நம்பவில்லை என்று பொருள்படும். தக்க சான்று இல்லாமல் இரண்டையும் எழுதாதீர்கள்.

“20 இருக்கின்றனவாம்”, “எனக் கூறப்படுகிறது” என்ற நடையும் அறிக்கைக்கு ஆகாது. சொன்னவர் யார் என்பதே அதில் மறைந்துவிடும்.

இப்போது எழுதிப் பாருங்கள்: “தேடலில் 3 கடற்பசுக்களைக் கண்டதாக அறிஞர் பதிவு செய்துள்ளார், 20 வரை இருக்கலாம் என மதிப்பிடுகிறார், வலையில் சிக்குவது ஒரு காரணமாக இருக்கக்கூடும் எனக் கருதுகிறார், சிக்கியதை உடனே விடுவிக்க வேண்டும் என வலியுறுத்துகிறார்.” எது கண்டது, எது கணக்கு, எது ஊகம், எது அறிவுரை என்பது இப்போது தெளிவாகிறது அல்லவா?