கறுப்புக் காரின் கதவில் தெரியும் ஆள்: ஒளிக்கோடு கெடாமல் எடுப்பது எப்படி?

பழைய வாகனம் வாங்கி விற்கும் எம்மவர்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் நிறையப்பேர் இருக்கின்றனர். முன்பெல்லாம் வாங்குபவர் நேரில் வந்து, காரைச் சுற்றிப் பார்த்த பின்னர்தான் விலை பேசுவார். இன்று இக்மன், ரியசெவன போன்ற தளங்களில் படத்தைப் பார்த்துவிட்டே பஸ் ஏறுவதா இல்லையா என்று முடிவு செய்கிறார். எனவே படத்தில் உள்ள ஒரு குறை, காரில் உள்ள குறையாகவே கணக்கெடுக்கப்படுகிறது.

பசறை வீதியில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கறுப்பு நிற பிரிமியோவுக்கு இதுதான் நடந்தது. ஆறடி தூரத்தில் நின்று போனில் பக்கவாட்டுப் படம் எடுத்திருந்தார். முன் கதவின் நடுவே அவரது உருவம் அப்படியே தெரிந்தது. ஸ்டூடியோவில் கொடுத்து அதை எடுக்கச் சொன்னார். ஆள் மறைந்துவிட்டார். ஆனால் படத்தைப் பார்த்துத் தொலைபேசியில் பேசியவர் கேட்ட முதல் கேள்வி, "நானா, முன் டோர் டிங்கர் பண்ணினதா?" என்பதாகும். அந்தக் கதவில் யாரும் கை வைக்கவில்லை. கை வைத்தது படத்தில்தான்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார்? கராஜில் பாஸ்மார் கதவின் நேர்த்தியை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். பெயின்ட்டைப் பார்ப்பதில்லை, பெயின்ட்டில் விழும் டியூப் லைட்டின் கோட்டைப் பார்ப்பார்கள். தகடு சீராக இருந்தால் கோடு சீராக ஓடும். பட்டி வைத்துத் தேய்த்த இடத்தில் கோடு நெளியும், அல்லது திடீரெனத் தடிக்கும். வாகனம் வாங்கிப் பழகியவரின் கண்ணும் அந்தக் கோட்டைத்தான் தேடுகிறது. கதவுக் கைபிடிக்கு அருகே, காரின் நீளத்துக்கு ஓடும் மடிப்பின் மீது வானம் விழுந்து உண்டாகும் வெள்ளைக் கோடு, ஸ்டூடியோ பையனின் கையால் நண்பரின் தலை இருந்த இடத்தில் நெளிந்து போயிருந்தது.

கறுப்புக் காரில் மட்டும் இந்தத் தொல்லை ஏன் என்று சிலர் கேட்பர். மேலே பூசப்படும் தெளிவான பூச்சு, காரின் நிறம் எதுவாக இருந்தாலும் நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைக் காரில் பெயின்ட்டின் சொந்த வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடும். கறுப்பில் மூழ்கடிக்க எதுவும் இல்லை. அந்த 4 சதவீதம்தான் படம் முழுவதும்.

போலரைசர் ஃபில்டர் வாங்கி மாட்டினால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். கண்ணாடியிலும் பெயின்ட்டிலும் சாய்வாக வரும் பிரதிபலிப்பை அது நன்றாகக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் எம்முடைய உருவம் தெரிவது, தகடு எம்மை நேருக்கு நேர் பார்க்கும் இடத்தில். நேராகத் திரும்பி வரும் வெளிச்சத்தில் அந்த ஃபில்டர் வேலை செய்யாது. காசு வீண்.

பின்னால் தள்ளி நிற்பதும் பாதித் தீர்வுதான். சமமான கண்ணாடியில் எவ்வளவு பின்னால் போனாலும் எமது உருவம் கண்ணாடியில் எமது அளவில் பாதி இடத்தைப் பிடிக்கும். கார்க் கதவு மேலிருந்து கீழாக வளைந்திருப்பதால், பின்னால் போகப் போக உருவத்தின் உயரம் குறையும். முன்னிருந்து பின்னாக அவ்வளவு வளைவு இல்லாததால் அகலம் பெரிதாகக் குறையாது.

ஆகவே நல்ல வழி, ஆளே இல்லாமல் எடுப்பது. போனை ஸ்டாண்டில் பூட்டி, திரையில் காரின் மீது விரலைச் சற்று அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவை நிறுத்தி, 10 செக்கன் டைமர் வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். அப்போது மிஞ்சுவது ஸ்டாண்டின் மெல்லிய கால்கள் மட்டுமே. பதுளையில் மேகம் மூடிய காலை நேரம் இதற்கு வாய்ப்பானது. வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் துணி போல நின்று மடிப்பின் கோட்டைச் சுத்தமாகக் காட்டும். கதவின் கீழ்ப்பாதியில் எதிரே உள்ள மலையும் தேயிலையும் வீதியும் விழும். எமது ஊரில் அதைத் தவிர்க்க முடியாது.

நண்பரின் காரோ வாடகைக்குப் போய்விட்டதால் மீண்டும் எடுக்க வாய்ப்பில்லை. பழைய படத்தையே இன்னொருவர் திருத்திக் கொடுத்தார். அருகில் இருந்து பார்த்ததால் விபரமாக எழுதுகிறேன்.

முதலில் அவர் மூலப் படத்தைத் தொடாமல் அதன் மேல் ஒரு வெற்றுப் படலம் போட்டார். எல்லா வேலையும் அதில்தான். ஃபோட்டோஷொப்பில் `Clone Stamp` கருவியில் `Current & Below` என்று வைத்தால் கீழுள்ள படத்திலிருந்து எடுத்து மேலே வைக்கும். முந்தைய பையன் பயன்படுத்திய `Healing Brush` தோலில் பருவை மறைக்க நல்லது. வெள்ளைக் கோட்டுக்கு அருகே அதைக் கொண்டு போனால் வெள்ளையைக் கறுப்புக்குள் இழுத்துக் கலக்கிவிடும். நெளிவு வந்தது அதனால்தான்.

அடுத்து `Pen Tool` எடுத்து மடிப்பின் மேல் ஓரத்தில் ஒரு வளைகோடு வரைந்தார். அதில் இரண்டே புள்ளிகள். உருவம் தொடங்கும் முன் நல்ல இடத்தில் ஒன்று, முடிந்த பின் நல்ல இடத்தில் ஒன்று. நடுவே மூன்றாவது புள்ளி வைத்தால் கோடு அங்கே முறியும் என்றார். தொழிற்சாலையில் அச்சில் அழுத்திய தகட்டில் அப்படி முறிவு இருக்காதல்லவா? அந்த வளைகோட்டை எல்லையாக வைத்து, கோட்டின் வெள்ளையை இரு பக்கமிருந்தும் மாறி மாறி நடுவை நோக்கிக் கொண்டு வந்தார். ஒரு பக்கமிருந்து மட்டும் இழுத்தால், சற்றே கூடிய வெளிச்சம் மறுமுனையில் படியாக நிற்கும். எடுக்கும் இடம் எப்போதும் அதே கோட்டின் நீளத்திலேயே இருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். மடிப்புக் கோட்டின் மேல் ஓரம் கூர்மையாகவும் கீழ் ஓரம் மெல்ல மங்குவதாகவும் இருந்தது. மேலே `Feather` 0.5 பிக்சல் மட்டும் வைத்தார். கீழே தூரிகையை மென்மையாக வைத்தார். இரண்டையும் ஒரே மாதிரிச் செய்தால் மடிப்பு, மடிப்பாகத் தெரியாமல் ஒட்டிய நாடா போலத் தெரியும்.

உடல் தெரிந்த இடம் பெரிதாயினும் இலகுவாக முடிந்தது. கதவில் நிறம் மேலிருந்து கீழாக வேகமாக மாறுகிறது. முன்னிருந்து பின்னாக மெதுவாகவே மாறுகிறது. எனவே பக்கத்தில் அதே உயரத்தில் உள்ள நல்ல துண்டை எடுத்து நகர்த்தி வைத்து ஓரங்களை மங்கச் செய்தார். வெறும் தூரிகையால் பூசிய சிறு இடங்களில் `Add Noise` 1 சதவீதம் சேர்த்தார். இல்லாவிட்டால் அந்த இடம் பிளாஸ்டிக் போல வழவழப்பாகத் தனித்து நிற்கும். இரு கதவுகளுக்கும் இடையிலான இடுக்கைக் கடந்து எதையும் கொண்டு போகவில்லை. அவை வெவ்வேறு தகடுகள். கோடு இடுக்கில் சற்று விலகுவது இயல்பு.

முடிந்ததா என்று பார்க்க அவர் செய்தது எளிது. `Curves` மூலம் படத்தின் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைத் தாறுமாறாகக் கூட்டினார். கண்ணுக்குத் தெரியாத திட்டுகள் உடனே வெளியே வந்தன. பின் படத்தை நீளவாக்கில் நசுக்கிப் பார்த்தார். நெளிவு இருந்தால் நசுக்கிய படத்தில் மலைபோல எழும்பும்.

நண்பர் அந்தச் சந்தர்ப்பத்தில், பின் கதவில் உண்மையாகவே இருந்த சிறு நசுங்கலையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். திருத்துபவர் மறுத்துவிட்டார். அங்கே கோடு வளைவது தகட்டின் வளைவு, அது விற்கும் பொருளின் குறை, தன் வேலை ஆளை எடுப்பது மட்டும் என்றார். அவர் சொன்னது சரி. நேரில் வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். படத்தில் இல்லாத நசுங்கலைக் கண்டால் மற்றக் கதவையும் நம்பமாட்டார்.

சக்கர மூடியின் குரோமில் இன்னும் ஒரு சின்ன உருவம் இருந்தது. அதைச் சுற்றிலும் வளைவுகள் நெருக்கமாக இருந்ததால், தொட்டால் கெடும் என்று அப்படியே விட்டுவிட்டார். விளம்பரத்தில் அந்த அளவுக்கு அது ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது. முன் கதவைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.