முழங்கால் பயிற்சிக் குறிப்பும் அதன் மொழியும்

இயன்மருத்துவ நிலையங்கள் பொதுமக்களுக்கென எழுதி வெளியிடும் சிறு பயிற்சிக் குறிப்புக்கள், சிகிச்சை அறையில் சொல்லப்படும் அறிவுரையின் வெறும் அச்சு வடிவம் அல்ல. அறையில் இயன்மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துத் தம் சொல்லைத் திருத்திக்கொள்கின்றார். தவறாக மடங்கிய காலைக் கைதொட்டு நேராக்குகின்றார். குறிப்பை எழுதுபவருக்கோ வாசிப்பவர் யாரென்றே தெரியாது. எனவே அறையில் கையும் கண்ணும் செய்யும் வேலையைக் குறிப்பில் வாக்கியங்களே செய்யவேண்டியுள்ளது. அதனை அவை எவ்வாறு செய்யலாம் என்பதை முழங்கால் மூட்டழற்சிக்கான ஒரு பயிற்சியைக் கொண்டு நோக்குவோம்.

நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவருக்கு, நடக்கும்போதும் படியேறும்போதும் முழங்கால் நோவும், காலையில் அரைமணி நேரத்துக்கு மேற்படாத விறைப்பும் இருப்பின், அது பெரும்பாலும் இவ்வகை மூட்டழற்சியே. நம்மிடையே இது 'மூட்டுத் தேய்வு' என்று வழங்குகின்றது. இச்சொல் குறிப்பெழுதுவோர் முதலில் எதிர்கொள்ளவேண்டிய தடையாகும். தேய்வது செருப்பு, பாவிக்கப் பாவிக்க அது தேயும். ஆகவே முழங்காலையும் பாவியாது விடுவதே அதனைக் காக்கும் வழி என்று வாசகர் முடிவுசெய்கின்றார். உண்மையில் கசியிழையம் உயிருள்ள இழையம். மூட்டு அசையும்போது ஏற்படும் அமுக்கமும் தளர்வுமே அதற்குப் போசணையைக் கொண்டுசேர்க்கின்றன. அசையாதிருந்தால் தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசை மெலிய, மூட்டின்மேல் விழும் சுமையைத் தாங்கும் துணை குறைகின்றது. எனவே குறிப்பில் 'தேய்வு' என்ற சொல்லைத் தவிர்ப்பது நன்று. தவிர்க்க இயலாதவிடத்து, அசைவு மூட்டைத் தேய்ப்பதில்லை என்ற வாக்கியத்தை அடுத்தே எழுதவேண்டும்.

இரண்டாவது தடை வினைமுற்றில் உள்ளது. 'இப்பயிற்சியால் வலி குறையும்' என்ற வாக்கியம் தமிழில் பொது உண்மையாகவும் எதிர்கால உறுதிமொழியாகவும் ஒருங்கே ஒலிக்கின்றது. எழுதியவர் பொதுவியல்பைக் கருதியிருக்கலாம். நோயாளி வாக்குறுதியையே கேட்கின்றார். சான்றுகள் அவ்வாக்குறுதிக்கு இடந்தருவனவல்ல. முழங்கால் மூட்டழற்சிக்கான பயிற்சிகள் பற்றிய கொக்றேன் தொகுப்பாய்வு 2024-ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. பயிற்சியின்றிக் கவனிப்பையோ போலிச் சிகிச்சையையோ பெற்றோருடன் ஒப்பிடுகையில், பயிற்சி செய்தோரின் வலி 0 முதல் 100 வரையான அளவில் சராசரியாக ஏறத்தாழ 9 புள்ளிகளே கூடுதலாகத் தணிந்தது என்றும், அவ்வளவு தணிவு நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கதா என்பது நிச்சயமில்லை என்றும் அது கூறுகின்றது. ஆகவே நேர்மையான வாக்கியம் இவ்வாறு அமையும்: 'சிலருக்கு வலி ஓரளவு தணிகின்றது, சிலருக்கு வலி அவ்வாறே இருக்க, எழுந்து நடப்பது மட்டும் எளிதாகின்றது, மாற்றம் தெரியப் பல வாரங்கள் ஆகலாம், கசியிழையம் இதனால் மீண்டும் வளர்வதில்லை.' இவ்வாறு எழுதினால் மக்கள் பயிற்சியைக் கைவிடுவர் என்று அஞ்சுவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். பூரண சுகம் என்று கேட்டு வந்தவர், மூன்றாம் வாரத்திலும் முழங்கால் நோகக் கண்டால், பயிற்சியை மட்டுமன்றி நிலையத்தையும் கைவிட்டுவிடுவார்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். சரிவில் இறங்கும்போது அவருக்கு முழங்கால் நோகின்றது. 'ஓய்வெடுக்கவும்' என்று அவருக்கு எழுதுவது, நாட்கூலியை இழக்கவும் என்று எழுதுவதேயாகும். அவருக்கு ஏற்றது இருந்து எழும்பும் பயிற்சி. வேண்டியது ஒரு கதிரை அல்லது வாங்கு மட்டுமே. எனினும் அதனைச் சுவரோடு அணைத்து வைக்கும்படி குறிப்புச் சொல்லவேண்டும். பாரமற்ற பிளாஸ்டிக் கதிரை சீமெந்துத் தரையில் பின்னே வழுக்கும்.

இருக்கையின் முன்பகுதியில் அமர்ந்து, பாதங்களை முழங்கால்களுக்குச் சற்றுப் பின்னே தரையில் முழுதும் பதித்து, உடலை முன்னே சாய்த்து, மூச்சை வெளியே விட்டபடி எழவேண்டும். பின் மூன்று எண்ணும் அளவுக்கு மெதுவாக அமரவேண்டும். மூச்சை அடக்கி எழுவது இரத்த அழுத்தத்தைச் சட்டென உயர்த்தும். ஆதலால் மூச்சைப் பற்றிய சொற்களை நீக்கிக் குறிப்பைச் சுருக்கலாகாது. இருக்கை தாழத் தாழ முழங்காலின் சுமை கூடும். எனவே நோவுள்ளவர் மடித்த சாக்கையோ போர்வையையோ வாங்கின்மீது இட்டு உயர்த்தி, கையூன்றித் தொடங்கலாம். ஐந்து தடவை எழுந்து, ஒரு நிமிடம் ஆறி, மீண்டும் ஐந்து தடவை. கிழமைக்கு மூன்று நாட்கள். இது தொடக்கத்துக்குப் போதும்.

அளவைச் சொல்லும் வாக்கியத்திலும் விழிப்பு வேண்டும். காலை நீட்டி உயர்த்தும் பிறிதொரு பயிற்சிக்கு 'ஒவ்வொரு காலையும் பத்துத் தடவை உயர்த்தவும்' என்று எழுதினால், அது இரு கால்களையும் குறிக்கலாம். நாள்தோறும் விடியும் காலையையும் குறிக்கலாம். 'வலக்காலைப் பத்துத் தடவை, இடக்காலைப் பத்துத் தடவை. நாளுக்கு ஒருமுறை' என்று எழுதினால் ஐயம் எழாது.

'வலித்தால் நிறுத்தவும்' என்பது எல்லாக் குறிப்புக்களிலும் காணப்படும் தொடர். ஏற்கெனவே வலியோடு வாழும் எம் தொழிலாளிக்கு இதனால் பயனில்லை. இதன்படி அவர் தொடங்கவே முடியாது. இயன்மருத்துவர் கையாளும் முறை வேறு. வலியே இல்லை என்பது 0, தாங்கவொண்ணா வலி 10 எனக் கொண்டு, பயிற்சியின்போது வலி 5 வரை செல்வது பொதுவாக ஏற்கத்தக்கது. ஆனால் மறுநாட் காலை அது பழைய நிலைக்குத் திரும்பியிருத்தல் வேண்டும். அவருக்குப் பயிற்சிக்கு முன் 3, பயிற்சியில் 5, மறுநாள் மீண்டும் 3 எனின், அவர் தொடரலாம். இரண்டொரு கிழமையில் போர்வையை எடுத்துவிடலாம். அதன்பின் கையூன்றாமல் எழ முயலலாம். மறுநாள் 6 ஆகி முழங்காலும் வீங்கியிருந்தால், சுமை மிகுந்துவிட்டது என்பதே பொருள். மூட்டுப் பழுதாகிவிட்டது என்பதல்ல. வீக்கம் வற்றும்வரை நிறுத்தி, பின்னர் இருக்கையை உயர்த்தி, எண்ணிக்கையைப் பாதியாக்கித் தொடங்கவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கூட்டலாகாது. கூட்டினால் எது நோவைத் தந்தது என்று அறிய வழியில்லை.

எச்சரிக்கைகளைக் குறிப்பின் அடியில் சிற்றெழுத்தில் இடும் வழக்கம் மாறவேண்டும். கீழே வரும் எழுத்தை வாசிக்குமுன்பே பலர் எழும்பி அமரத் தொடங்கிவிடுவர். விழுந்தபின் காலூன்ற முடியாதவர், முழங்கால் சிவந்து சுட்டுக் காய்ச்சலும் உடையவர், ஒரு கெண்டைக்கால் மட்டும் புதிதாக வீங்கி நோவெடுத்தவர் ஆகியோர் பயிற்சியைத் தொடங்காது அன்றே வைத்தியரை நாடவேண்டும் என்பது முதற் பந்தியிலேயே வரவேண்டும். அண்மையில் சத்திரசிகிச்சை பெற்றவரும், எழும்போது தலைசுற்றுபவரும் நேரிற் பரிசோதிக்கப்பட்ட பின்னரே தொடங்கவேண்டும். பயிற்சியின் நடுவே நெஞ்சு நோவோ வழமைக்கு மாறான மூச்சுத்திணறலோ தோன்றினால் 0 முதல் 10 வரையான கணக்கு அங்கே செல்லாது. உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். இவ்விருவகை நிறுத்தங்களும் குறிப்பில் ஒரே பந்தியில் கலவாதிருத்தல் அவசியம்: ஒன்று பயிற்சியின் அளவைக் குறைப்பதற்கு, மற்றையது பயிற்சியை விட்டு வைத்தியரிடம் செல்வதற்கு.