ஃப்ரீலான்சரின் வருமான வரி: பதிவேடும் ஒதுக்கீடும்

மாதச் சம்பளக்காரருக்கு நிறுவனமே வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்திவிடுகிறது. சுயமாகத் தொழில் செய்யும் ஃப்ரீலான்சர் தம் வருமானத்தைத் தாமே கணக்கிட்டு, ஆண்டு முடியும் முன்னரே வரியைச் செலுத்த வேண்டும். இதற்கு முன்கூட்டிய வரி என்று பெயர். இந்தியாவில் 2025-26 நிதியாண்டுக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, புதிய வரி முறையைப் பின்பற்றும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் கணக்கு இங்கு எடுத்துக்காட்டாக விளக்கப்படுகிறது.

மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் போன்ற சில தொழிலினர் பிரிவு 44ஏடிஏ-யின்படி வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். அந்தப் பட்டியலில் மொழிபெயர்ப்பு இல்லை. எனவே இவர் உண்மையான செலவுகளைக் கழித்தே வருமானத்தைக் காட்டுகிறார். செலவுக்குச் சான்று இல்லையென்றால் அதற்கும் வரி கட்ட நேரும்.

வரவுப் பதிவு

இவரது ஆண்டு வரவு 18 லட்சம் ரூபாய். இதில் 11 லட்சம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வரிப் பிடித்தம் இன்றி வருகிறது. மீதி 7 லட்சத்தைத் தரும் உள்நாட்டு நிறுவனம் 10 விழுக்காட்டை டி.டி.எஸ். ஆகப் பிடித்துக்கொள்வதால், வங்கிக்கு வருவது 6,30,000 ரூபாய் மட்டுமே.

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். வங்கிக் கணக்கைப் பார்த்து 6,30,000 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் வரித் துறையின் 26AS படிவத்தில் 7,00,000 என்றே இருக்கும். எனவே பதிவேட்டில் பில் தொகை, பிடித்த வரி, கைக்கு வந்த தொகை என மூன்று கட்டங்கள் தேவை. முதல் கட்டமே வருமானக் கணக்குக்குரியது. இரண்டாவது, ஏற்கெனவே செலுத்திய வரி.

செலவுப் பதிவு

இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, வேலைக்குப் பயன்படும் அளவுக்கு வீட்டு வாடகை, மின்கட்டணம் ஆகியவற்றைக் கழிக்கலாம். 80,000 ரூபாய்க்குக் கணினி வாங்கினால் முழு விலையையும் ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. தேய்மானமாக 40 விழுக்காடு, அதாவது 32,000 ரூபாய் கழியும். அந்த ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு பொதுவாக ஏற்கப்படாது.

வரிக் கணக்கு

தேய்மானம் உட்பட இவரது செலவு 3 லட்சம். வருமானம் 15 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 விழுக்காடு, அதாவது 20,000 ரூபாய். அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 விழுக்காடு, 40,000 ரூபாய். மீதி 3 லட்சத்துக்கு 15 விழுக்காடு, 45,000 ரூபாய். கூட்டினால் 1,05,000. இதன்மேல் 4 விழுக்காடு செஸ் சேர்ந்து 1,09,200 ரூபாய் ஆகிறது. பிடித்த 70,000 போக, இவர் கட்ட வேண்டியது 39,200 ரூபாய்.

இவ்வாறு மிஞ்சும் வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் நான்கு தவணைகளில் செலுத்த வேண்டும்:

- ஜூன் 15-க்குள் 15 விழுக்காடு: 5,880 ரூபாய்
- செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45 விழுக்காடு: 17,640 ரூபாய்
- டிசம்பர் 15-க்குள் மொத்தம் 75 விழுக்காடு: 29,400 ரூபாய்
- மார்ச் 15-க்குள் முழுத் தொகை: 39,200 ரூபாய்

தவணை தவறினால் வட்டி உண்டு. ஆண்டு முடிந்தும் ஒன்றுமே கட்டவில்லையென்றால், ஏப்ரல் முதல் மாதத்துக்கு 1 விழுக்காடு, அதாவது 392 ரூபாய், தனியாகச் சேரும். வரித் துறைத் தளத்தில் e-Pay Tax வழியே கட்டும்போது மதிப்பீட்டு ஆண்டாக 2026-27 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025-26 என்று தேர்ந்தெடுத்தால் பணம் முந்தைய ஆண்டின் கணக்குக்குப் போய்விடும்.

எவ்வளவு ஒதுக்குவது?

39,200 ரூபாயை 11 லட்சத்தால் வகுத்தால் ஏறத்தாழ 3.6 விழுக்காடு. எனவே வெளிநாட்டுப் பணம் வரும்போதெல்லாம் 4 விழுக்காட்டைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினால் போதும். ஆனால் இந்த விகிதம் எதிர்பார்த்த வரவுக்கு மட்டுமே பொருந்தும்.

பிப்ரவரியில் எதிர்பாராமல் வெளிநாட்டிலிருந்து இன்னும் 1 லட்சம் வந்தது என்று கொள்வோம். அந்தத் தொகை முழுவதும் 15 விழுக்காட்டு அடுக்கில் விழுகிறது. செஸ்ஸுடன் அதற்கான வரி 15,600 ரூபாய். வழக்கம்போல் 4,000 மட்டும் ஒதுக்கியிருந்தால் 11,600 ரூபாய் குறையும். எனவே திட்டமிட்டதற்கு மேல் வரும் தொகையில், அது விழும் அடுக்கின் விகிதத்தையே ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு தவணைக்கு முன்பும் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்து மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டால், இந்தக் குறை மார்ச் 15-க்கு முன்பே தெரிந்துவிடும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால், அதன்பின் ஈட்டும் வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறுகின்றன.