நாளொரு தாளும் நாளொரு மொழியும்

நம் சங்கத்தின் சார்பில் உறுப்பினர் இல்லங்களுக்கு வழங்கப்பெறும் தினசரி நாட்காட்டியின் ஒவ்வொரு தாளிலும், அடியில் ஒரு பழமொழியோ பொன்மொழியோ இடம்பெறுவதை அன்பர்கள் அறிவர். பம்பாய் என்று நம் முன்னோர் அழைத்த இம் மும்பை மாநகரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுள் பலர், பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். அவர்கள் நாள்தோறும் தவறாது படிக்கும் தமிழ், பல இல்லங்களில் அவ்வொரு வரியே. ஆதலின் அவ்வரியைத் தேர்ந்தெடுக்கும் பணியில் நாம் கண்ட இடர்களையும், அவற்றைக் களைந்த முறையையும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதல் முறை இப்பணியை மேற்கொண்டபோது, அன்பர்கள் எழுதியனுப்பிய மொழிகளை வந்த வரிசையிலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். மே மாதத்தில் ஒருநாள், பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாயின. அன்றைய தாளில் ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்றிருந்தது. தேர்ச்சி பெறாத பிள்ளை ஒருவன் அதனைப் படித்துவிட்டு, அன்று முழுவதும் உண்ணாதிருந்தானாம். அவன் அன்னையார் நம்மிடம் வந்து, “மொழியில் பிழையில்லை, நாளில்தான் பிழை” என்றார். அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது.

அதன்பின் அவ்வாண்டின் 365 மொழிகளையும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். முயற்சியும் சிக்கனமும் பற்றியவை பெருங்குவியலாக நின்றன. நகைச்சுவை ததும்புவன ஒரு கைப்பிடிகூட இல்லை. ‘செய்’, ‘செய்யாதே’ என ஏவுவனவே பாதிக்கு மேல் இருந்தன. ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியர் பிரம்புடன் நிற்பது போன்ற தோற்றம் ஏற்பட்டதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

மறுமுறை, மொழிகளை எட்டு வகையாக வகுத்தோம்: முயற்சி, நாவடக்கம், கல்வி, உறவும் நட்பும், பொருள், பருவமும் உழவும், உணவும் உடல்நலமும், நகைச்சுவை. மாதத்திற்கொரு வகை என ஒதுக்கலாமே என்று சிலர் கூறினர். அவ்வாறு செய்தால் முப்பது நாளும் சிக்கனத்தையே கேட்க நேரும்; பத்தாம் நாளிலேயே அவ்வரியைப் பாராது தாளைக் கிழிக்கும் வழக்கம் வந்துவிடும். கிழமைக்கொரு வகை என ஏழாக வகுக்கலாம் என்றனர் வேறு சிலர். அதுவும் தக்கதன்று. திங்கள்தோறும் முயற்சி, செவ்வாய்தோறும் கல்வி என்றால், மூன்றாம் வாரமே படிப்பவர் முன்னறிந்துவிடுவர். நகைச்சுவைக்கு ஞாயிறு கிடைத்தால், ஏனைய ஆறு நாளும் அதனைக் காண இயலாது.

எட்டு வகை என்று கொண்டதன் பயன் இங்குதான் வெளிப்படுகின்றது. வாரத்தின் நாட்கள் ஏழு, வகைகளோ எட்டு. எனவே ஒரு வகை இவ்வாரம் திங்களன்று வந்தால், அடுத்து அது செவ்வாயன்று வரும், அதற்கடுத்துப் புதனன்று. இவ்வாறு 56 நாட்களில் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு கிழமையிலும் ஒருமுறை தங்கிச் செல்லும். 365 நாளை எட்டால் வகுத்தால் 45 சுற்றும் ஐந்து நாள் மிச்சமும் ஆகும். ஆகவே முதல் ஐந்து வகைகளுக்கு 46 மொழிகளும், எஞ்சிய மூன்றிற்கு 45 மொழிகளும் வேண்டும். மாற்றுவதற்கென ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு சீட்டுகளை மிகுதியாக வைத்துக்கொண்டோம்.

இனி, சில மொழிகளுக்கு நாள் இயல்பாகவே அமைந்துள்ளது. ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ என்பது தை முதல் நாளுக்கன்றி வேறு எந்நாளுக்கு உரியது? ஆனால் அந்நாள் ஜனவரி 14 ஆகவும் வரும், 15 ஆகவும் வரும். அவ்வாண்டின் பஞ்சாங்கத்தைப் பாராமல் சென்ற ஆண்டுத் தேதியிலேயே இட்டுவிட்டால், வழி ஒருநாள் முன்னதாகவோ பின்னதாகவோ பிறந்துவிடும். இத்தகைய மொழியை ஒரு நாளில் இருத்தும்போது, அங்கு முன்பிருந்த சீட்டைத் தள்ளிவிடாமல், இம்மொழியின் வகைக்கு உரிய அண்மை நாளுக்கு அதனை மாற்றுகின்றோம். இட்டதற்கும் எடுத்ததற்கும் கணக்கு நேராகிவிடுவதால், மாதத்தின் சமநிலை குலைவதில்லை.

அடுத்தது அண்டை வீட்டுச் சோதனை. ‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பதும், ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பதும் சொல்லால் வேறு; பொருளால் இரட்டைப் பிள்ளைகள். இவற்றினிடையே குறைந்தது மூன்று மாதமேனும் இருத்தல் நன்று. ‘பதறாத காரியம் சிதறாது’ என இன்று கூறி, ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என நாளை கூறினால், படிப்பவர் எதனைக் கைக்கொள்வார்? இரண்டும் மெய்யே, ஆனால் அடுத்தடுத்து நின்றால் ஒன்றையொன்று பொய்யாக்கும். ஏவல் மொழிகள் இரண்டுக்கு மேல் தொடராதபடியும் பார்க்கின்றோம். இவற்றைக் கண்டுகொள்ள, ஒவ்வொரு சீட்டையும் அதன் முன்நாள், பின்நாள், சென்ற வாரத்து அதே கிழமை ஆகிய மூன்றுடனும் சேர்த்து வாய்விட்டுப் படித்தல் போதும்.

நீக்க வேண்டியனவும் உள. பெண்டிரையோ, ஒரு சாதியாரையோ, உடற்குறை உடையோரையோ இழித்துரைக்கும் பழமொழிகள் எத்துணைப் பழமையுடையனவாயினும் நம் சுவரில் தொங்கத் தக்கன அல்ல. பெரியோர் பெயரால் வழங்கும் பொன்மொழிகளிலும் விழிப்பு வேண்டும். ‘நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பதனைக் காந்தியடிகள் கூற்றாகப் பலரும் அச்சிடுகின்றனர். அச்சொற்களில் அவர் கூறியதற்குச் சான்று இல்லை. மூலம் கிட்டாதவற்றைப் பெயரின்றி இடுகின்றோம், அன்றேல் விட்டுவிடுகின்றோம்.

பருவ மொழிகளில் ஒரு வினா எழுந்தது. ‘ஐப்பசி அடைமழை’ என்னும் மொழியை அக்டோபர் இறுதியில் இட்டால், ஜூன் முதல் செப்டம்பர் வரையே மழை காணும் இந்நகரில் அது பொருந்துமா என்று ஓர் அன்பர் கேட்டார். நீக்கிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். பின்னர், வெயில் காயும் ஒரு நாளில் அவ்வரியைப் படிக்கும் குழந்தை, “இங்கே மழை இல்லையே?” என்று வினவும், “நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை இப்போதுதான் பெய்யும்” என்று பாட்டி விடையிறுப்பார் என்று கருதி, அதனை அங்கேயே இருத்தினோம்.

மே மாதத்தைப் பற்றி ஒரு சொல். தேர்வு முடிவு வெளியாகும் நாள் நாட்காட்டி அச்சாகும்போது நமக்குத் தெரிவதில்லை. ஆகவே அம்மாதம் முழுவதும் இடித்துரைக்கும் மொழி எதனையும் இடுவதில்லை. அவற்றை அதே வகையில் வேறு மாதத்துச் சீட்டுகளுடன் மாற்றிவிடுகின்றோம். அன்று ‘வினை விதைத்தவன்’ நின்ற அதே தேதியில் இப்போது ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றிருக்கின்றது. அவ்வன்னையார் அத்தாளைக் கிழித்தெறியாமல் எடுத்து வைத்திருப்பதாகக் கூறினார்.